காணிக் கந்தோரில் பதிந்தால் போதுமா? கம்பனிச் சொத்தின் மீதான ஈடும் அதன் பதிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் இருந்துகொண்டு சின்னச் சின்னக் கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை பார்க்கிறேன். வருடாந்த அறிக்கை, பணிப்பாளர் மாற்றம் என்று வருகிறவர்கள் போகிற போக்கில் கேட்கும் கேள்விகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. கம்பனிக்குக் கடன் கொடுத்தவர், கொடுக்கப்போகிறவர், கம்பனியிடம் காசு வரவேண்டியவர் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்து, காணிக் கந்தோரிலும் பதிந்தாயிற்று. இன்னும் என்ன பதிவு, அண்ணே?

கடன் வாங்கியது தனி ஆள் என்றால் அத்தோடு வேலை முடிந்தது. கம்பனி என்றால் இன்னொரு படி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 102ஆம் பிரிவு, கம்பனி தன் சொத்தின் மீது கொடுக்கும் ஈட்டைக் கம்பனிப் பதிவாளரிடமும் பதியச் சொல்கிறது.

இரண்டு பதிவேடும் இரண்டு விதமான ஆட்களுக்காக இருப்பவை. காணிக் கந்தோர்ப் புத்தகம் காணி வாரியாக ஓடுகிறது. ஒரு காணியை வாங்க நினைப்பவர் அதற்குரிய பக்கத்தைத் திறந்து, அதன் மேல் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார். கம்பனிப் பதிவேடு கம்பனி வாரியாக ஓடுகிறது. அந்தக் கம்பனியை நம்பிச் சரக்கோ காசோ கொடுப்பவர் அதைப் பார்ப்பார். கொழுந்து போடுகிறவருக்கு ஃபெக்டரிக் காணியின் பக்க இலக்கம் எப்படித் தெரியும்? கம்பனியின் பெயர் தெரியும், அவ்வளவுதான். ஆகவே காணி ஈடென்றால் இரண்டு இடத்திலும் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தது மற்றதில் பதிந்ததாக ஆகாது.

ஈடு, மோர்ட்கேஜ், சார்ஜ், பொறுப்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

இந்தப் பக்கத்தின் தேவைக்கு ஒன்றென்றே வைத்துக்கொள்ளலாம். வங்கியில் சார்ஜ் என்பார்கள், நொத்தாரிசு ஈட்டு முறி என்பார். நான் ஈடு என்றே எழுதுகிறேன். கடன் திரும்பி வராவிட்டால் ‘இந்தக் குறிப்பிட்ட சொத்தை விற்று முதலில் நான் எடுப்பேன்’ என்று கடன் கொடுத்தவர் சொல்லும்படி கம்பனி எழுதிக் கொடுத்த உரிமை எதுவானாலும் அது ஈடுதான். தாளின் தலையில் ‘உடன்படிக்கை’ என்று எழுதியிருந்தாலும் ‘கடிதம்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

எதையெல்லாம் பதிய வேண்டும்?

சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நம் பக்கத்தில் அடிக்கடி வருவதை மட்டும் சொல்கிறேன். காணி, கட்டடம், காணியில் உள்ள எந்த உரித்தும். இயந்திரங்களைக் கம்பனியே வைத்துப் பாவித்துக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ஈடு. வரவேண்டிய கடன்கள். அப்புறம், சரக்கு, கையிருப்பு, வரவு என்று தினமும் மாறிக்கொண்டிருக்கும் மொத்தத்தின் மேலும் விழும் மிதக்கும் ஈடு.

‘காணியில் உள்ள உரித்து’ என்ற சொல்லைத் தோட்டப் பக்கத்தவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது காணி விற்கப்படவில்லை, நீண்ட குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்தக் குத்தகை உரிமையும் ஓர் உரித்தே. ‘காணி எங்களுடையது இல்லையே, பிறகு ஏன் பதிவு?’ என்று ஒருவர் கேட்டார். சொந்தக் காணியா குத்தகையா என்பது இங்கே பொருட்டே இல்லை.

எதைப் பதியத் தேவையில்லை?

பொருள் கடன் கொடுத்தவரின் கையிலேயே இருந்தால் இந்தப் பதிவு வேண்டாம். உண்மையான அடகு அப்படித்தான். கொழும்பு ஏலத்துக்குப் போன தேயிலையைப் புரோக்கர் தன் களஞ்சியத்தில் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு முற்பணம் கொடுத்தால், பொருள் கம்பனியிடம் இல்லை என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். மறைவாக ஒன்றும் இல்லை.

லீசிங்கில் எடுத்த கொழுந்து லொறியும் அப்படியே. அது முதலிலிருந்தே லீசிங் கம்பனியின் லொறி. தன்னுடையது அல்லாததை ஃபெக்டரிக் கம்பனி எப்படி ஈடு வைக்கும்? ஆனால் ஏற்கெனவே கம்பனிக்குச் சொந்தமான இயந்திரத்தை ஒரு பேச்சுக்கு ‘விற்று’, அன்றைக்கே ‘வாடகைக்கு’ எடுத்ததாகக் காட்டும் தாள்கள் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நீதிமன்றத்துக்கும் வரும். உள்ளே இருப்பது கடன்தான் என்று கண்டால் அதை ஈடாகவே நடத்துவார்கள். பதியாத ஈடாக.

எத்தனை நாளுக்குள்? எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஈடு உருவான நாளிலிருந்து 21 வேலை நாள். ஈட்டு முறியில் கையெழுத்து வைத்த நாளே உருவான நாள். காசு கைமாறிய நாளைப் பிடித்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வங்கி முறியை மாதத் தொடக்கத்தில் எழுதிவிட்டு மாத முடிவில் காசை விடுவிக்கும். கணக்குப்பிள்ளை காசு வந்த திகதியைப் பார்த்து எண்ணத் தொடங்குவார். அதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும்.

விடுமுறை ஒன்றும் குறுக்கே வராவிட்டால் 21 வேலை நாள் என்பது நான்கு வாரமும் ஒரு நாளும். சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் போயாவும் விழுந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். பழைய ஆட்கள் வெறும் 21 நாள் என்று மனதில் வைத்திருக்கிறார்கள். அப்படி எண்ணினால் முந்திப் போய் நிற்பீர்கள், அதில் நட்டம் ஒன்றுமில்லை.

யார் போய்ப் பதிவது? கம்பனியா, கடன் கொடுத்தவரா?

கடமை கம்பனியுடையது. செய்யாவிட்டால் கம்பனிக்கும் அதன் அலுவலர்களுக்கும் தண்டம் வரும். ஆனால் அந்த ஈட்டில் அக்கறையுள்ள எவரும் பதியலாம், செலவைக் கம்பனியிடம் கேட்டு வாங்கலாம். கடன் கொடுத்தவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்களே பதியுங்கள். பதியாமல் விட்டால் கம்பனி இழப்பது தண்டப் பணம், நீங்கள் இழப்பது ஈடு. யாருக்கு வலி அதிகமோ அவர் கையில் வேலை இருப்பது நல்லது.

இதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்த ஓர் இடத்தின் அலுவலர் ‘கம்பனி பதிந்திருக்கும்’ என்று இருந்தார். கம்பனிப் பணிப்பாளர் ‘அவர்கள் பதிவார்கள், கட்டணமும் பிடித்துக்கொண்டார்களே’ என்று இருந்தார். என்னிடம் வந்தபோது இரண்டே வேலை நாள் மிச்சம். அவசரத்தில் அனுப்பிய முறியின் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று திரும்பி வந்தது, அந்தத் தவறு என்னுடையது. மறுநாள் காலை கொழும்புக்குப் பஸ் ஏறிப்போய்க் கொடுத்தேன். கடைசி நாள் அது.

என்னென்ன கொடுக்க வேண்டும்?

படிவம் 10, அதோடு ஈட்டு முறி அல்லது அதன் உறுதிப்படுத்திய பிரதி, கட்டணம். படிவத்தில் ஈடு உருவான திகதி, எவ்வளவு கடனுக்கு, எந்தச் சொத்தின் மேல், யாருக்கு என்பதெல்லாம் வரும். சொத்து விவரத்தை மட்டும் சோம்பல்படாமல் எழுதுங்கள். ‘ஃபெக்டரி இயந்திரங்கள்’ என்று இரண்டு சொல்லில் முடித்தால், பின்னால் புதிதாக வாங்கிய கலர் சோர்ட்டர் அதற்குள் வருமா என்ற சண்டை வரும். டிரையர், ரோலர் ஒவ்வொன்றின் தொடர் இலக்கத்தையும் எழுதுவேன்.

பதிந்ததும் பதிவாளர் ஒரு சான்றிதழ் தருவார். பதிவு விதிப்படி நடந்தது என்பதற்கு அதுவே முடிவான சான்று. பிறகு ஒருவர் வந்து ‘படிவத்தில் அது பிழை, இது பிழை’ என்று கிளறி ஈட்டைக் கவிழ்ப்பது மிகவும் கடினம். அந்தத் தாள் கையில் வரும்வரை கோப்பை மூடாதீர்கள்.

பதியாவிட்டால் என் காசே போய்விடுமா?

காசு போகாது. கடன் கடனாகவே இருக்கும். போவது ஈடு, அதுவும் சிலருக்கு எதிராக மட்டும். சட்டம் இரண்டு பேரைச் சொல்கிறது: கம்பனியை மூடிக் கணக்குத் தீர்க்க வரும் கலைப்பாளர், கம்பனிக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள். இவர்களுக்கு எதிராக அந்த ஈடு செல்லாது. கம்பனிக்கு எதிராகச் செல்லும். கம்பனி நல்லபடியாக ஓடும்போது ‘நீங்கள் பதியவில்லை, ஆகவே ஈடு இல்லை’ என்று பணிப்பாளர் தப்ப முடியாது.

இதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து வருடம் வட்டி ஒழுங்காக வருகிறது, யாரும் ஒன்றும் கேட்பதில்லை, முறி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஓட்டை இருப்பது தெரியாது. கம்பனி விழுகிற அன்றைக்கு, ஈடு எதற்காக வாங்கப்பட்டதோ அந்த ஒரே நாளில், அது வெறும் தாளாகிவிடும்.

இன்னொரு விளைவும் உண்டு. ஈடு இப்படிச் செல்லாமல் போனால், அது காத்த கடன் முழுவதும் உடனே கேட்கக்கூடியதாகிவிடும். ஐந்து வருடத் தவணை என்று எழுதியிருந்தாலும் சரி. கடன் கொடுத்தவருக்குச் சட்டம் தரும் சின்ன ஆறுதல் அது. கம்பனிக்கோ பெரிய தலையிடி.

கணக்காகச் சொல்லுங்கள் சேர். ஈடு போனால் எவ்வளவு போகும்?

ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்யும் தனியார் கம்பனி, ஊவாப் பக்கம் ஒரு ஃபெக்டரி. காணியும் கட்டடமும் ஒரு வங்கிக்கு ஈடு, இரண்டு இடத்திலும் பதிந்தது. அடுத்து டவுனில் உரக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் 80 இலட்சம் கொடுத்து, டிரையர், ரோலர், கலர் சோர்ட்டர் மேல் ஈட்டு முறி வாங்கினார். கம்பனிப் பதிவாளரிடம் பதியவில்லை. கம்பனி கலைப்புக்குப் போகிறது.

காணியும் கட்டடமும் 300 இலட்சத்துக்கு விற்று, வங்கியின் 300 இலட்சத்தோடு சரியாகிவிட்டது என்று வைப்போம். இயந்திரங்கள் 90 இலட்சத்துக்குப் போயின. கையிருப்புத் தேயிலையும் வரவும் சேர்த்து 30 இலட்சம். கலைப்புச் செலவு 10 இலட்சம். தொழிலாளர் சம்பள நிலுவை, இபிஎப் போன்ற முன்னுரிமைக் கடன்கள் 50 இலட்சம். கொழுந்துக்காரர்களுக்கு 70, விறகு, பெட்டி, போக்குவரத்து என்று 50.

முதலாளி பதிந்திருந்தால் இயந்திரக் காசு 90இல் தன் 80ஐ முழுதாக எடுத்துக்கொண்டு போயிருப்பார். மிச்சம் 10, அதோடு 30, ஆக 40. செலவு 10 போக 30. முன்னுரிமைக் கடன் 50க்கு அந்த 30தான், தொழிலாளருக்கே 20 குறைகிறது. கொழுந்துக்காரருக்கு ஒரு சதமும் இல்லை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். பதியாததால் 90உம் பொதுக் குவியலில் விழுகிறது. 90உம் 30உம் 120. செலவு 10, முன்னுரிமை 50 முழுதாகப் போக, மிச்சம் 60. அதைப் பங்கு கேட்டு நிற்பவர்கள்: முதலாளி 80, கொழுந்துக்காரர் 70, மற்றவர்கள் 50. மொத்தம் 200. ஆக ரூபாவுக்கு 30 சதம். முதலாளிக்கு 24 இலட்சம். கொழுந்துக்காரருக்கு 21 இலட்சம்.

ஒரு படிவம் போகாததால் ஒருவருக்கு 56 இலட்சம் நட்டம். ஆனால் அந்த 56 எங்கேயும் காணாமல் போகவில்லை: 20 தொழிலாளரிடம், 21 கொழுந்துக்காரரிடம், 15 விறகுக்காரர், லொறிக்காரர் ஆகியோரிடம் போயிருக்கிறது. பதியாத ஈட்டை எதிர்த்துக் கலைப்பாளர் இவ்வளவு கடுமையாக நிற்பது இதனால்தான். அவர் இவர்களுக்காகத்தான் நிற்கிறார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நிலத்தோடு பொருத்திய பெரிய இயந்திரங்கள் கட்டடத்தின் பகுதியாகி, காணி ஈட்டுக்குள்ளேயே போய்விடலாம். வங்கி முறிகள் பெரும்பாலும் அதையும் சேர்த்தே எழுதப்படும். இந்த உதாரணத்தில் வங்கி முறி இயந்திரங்களை விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நிசத்தில் முதலாளி கடன் கொடுக்குமுன் வங்கியின் முறியை வாங்கி வாசித்திருக்க வேண்டும்.

எனக்குப் பிறகு அதே இயந்திரத்தை இன்னொருவருக்கு ஈடு வைத்திருக்கிறார்கள். என் ஈடு இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் அவர் முந்துவாரா?

முந்துவார். கேட்பதற்கு அநியாயமாகத்தான் இருக்கும். 1915இல் இங்கிலாந்தில் மொனோலித்திக் பில்டிங் கம்பனி வழக்கில் இதே நிலைமை வந்தது. பின்னால் வந்தவருக்கு முன்னைய ஈடு தெரிந்திருந்தும், அது பதியப்படாததால் அவருக்கு எதிராகச் செல்லாது என்று தீர்ப்பு. சட்டம் ‘எந்தக் கடன்கொடுத்தவருக்கும் எதிராக’ என்கிறது, ‘தெரியாதவருக்கு எதிராக’ என்று சொல்லவில்லை. நம் சட்டத்தின் இந்தப் பகுதி அந்த ஆங்கிலச் சட்டத்தின் வழியில் வந்தது, ஆகவே இங்கேயும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவார்கள்.

மேலே சொன்ன கணக்கிலேயே போடுவோம். இரண்டாமவர் 60 இலட்சம் கொடுத்து நேரத்துக்குப் பதிந்தார் என்றால், இயந்திரக் காசு 90இல் 60 அவருக்கு. மிச்சம் 30, கையிருப்பு 30, ஆக 60. செலவு 10, முன்னுரிமை 50. பூச்சியம். முதலில் கொடுத்த முதலாளிக்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு இந்த விதி பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘அவருக்குத் தெரியுமா, எவ்வளவு தெரியும், யார் சொன்னார்கள்’ என்று ஒவ்வொரு வழக்கிலும் விசாரித்துக்கொண்டிருந்தால் பதிவேட்டை யார் நம்புவார்கள்?

நாள் கடந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்?

கம்பனி இன்னும் நன்றாக ஓடுகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஓடுகிறது என்றால் இரண்டு வழி. ஒன்று, நீதிமன்றத்துக்குப் போய்க் காலத்தை நீட்டிக்கக் கேட்பது. இந்த விஷயங்கள் வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும், நம் ஆட்கள் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். கவனக்குறைவால் நேர்ந்தது, அல்லது மற்றக் கடன்கொடுத்தவர்களுக்குப் பாதிப்பில்லை, அல்லது நீட்டுவது நியாயமானது என்று காட்ட வேண்டும். உண்மையான மறதி என்றால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் கட்டளையில் ஒரு வரி கூடவே வரும்: இந்தப் பதிவு நடக்கும் நாளுக்கு முன் மற்றவர்கள் பெற்ற உரிமைகளுக்குப் பாதிப்பில்லாமல் என்று. அந்த இடைவெளியில் இரண்டாமவர் ஈடு வாங்கிப் பதிந்திருந்தால் அவர் முன்னாலேயே இருப்பார்.

மற்ற வழி, கம்பனியிடம் இன்றைய திகதியில் புதிய முறி ஒன்று வாங்கி, அதை நேரத்துக்குப் பதிவது. செலவு குறைவு, கெதியாகவும் முடியும். ஆனால் பழைய கடனுக்குப் புதிதாக ஈடு கொடுத்தபோது கம்பனி ஏற்கெனவே கடனை அடைக்க முடியாத நிலையில் இருந்து, கொஞ்ச காலத்தில் கலைந்தும் விட்டால், ‘ஒருவரை மட்டும் தூக்கிவிட்டார்கள்’ என்று கலைப்பாளர் அதையும் தாக்கலாம். ஆகவே நிலைமை தெளிவாக நன்றாக இருந்தால் மட்டும் இந்த வழி.

பழைய முறியிலேயே திகதியை மாற்றி எழுதலாமே என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். அது பொய் ஆவணம். எழுந்து தேநீர் போடப் போய்விட்டேன்.

கலைப்பு தொடங்கிவிட்டது என்றால் நீதிமன்றம் நீட்டிப்பது அரிது. அந்த நேரத்தில் மற்றவர்களின் பங்கு உறுதியாகிவிட்டது, அதைப் பிடுங்கிக் கொடுக்க மனம் வராது. அப்போது செய்யக்கூடியது, பிணையில்லாக் கடன்கொடுத்தவராகக் கலைப்பாளரிடம் உரிமைக்கோரிக்கையை நேரத்துக்குப் போடுவது. அதையும் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ‘என்னிடம் ஈடு இருக்கிறதே’ என்ற நினைப்பில்.

நான் கொழுந்து போடுகிறவன். ஃபெக்டரிக்காரர் மூன்று மாதக் காசு வைத்திருக்கிறார். இந்தப் பதிவேட்டால் எனக்கு என்ன?

நீங்கள் பார்க்கத்தான் அந்தப் பதிவேடு. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eroc.drc.gov.lk தளத்தில் கம்பனியின் பெயரைத் தேடலாம். கோப்பில் உள்ளவற்றின் பிரதிகளுக்குக் கட்டணம் உண்டு. கம்பனியும் தன் பதிவு அலுவலகத்தில் ஈடுகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

பார்க்கும்போது என்ன தேட வேண்டும்? காணியும் கட்டடமும் ஈடாக இருப்பது சாதாரணம், பயப்பட வேண்டாம். வரவேண்டிய கடன்களும் கையிருப்பும் கூட மிதக்கும் ஈட்டுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால், கம்பனி விழும்போது தேயிலை விற்ற காசில் முதலில் முன்னுரிமைக் கடன்கள், பிறகு அந்த ஈடுகாரர், அதற்கப்புறம்தான் நீங்கள். மூன்று மாதக் கடன் என்பதை இரண்டு கிழமைக் கடனாகச் சுருக்கிக்கொள்ள வேண்டிய இடம் அது. ஒரு வருடத்துக்குள் புதிய புதிய ஈடுகள் வரிசையாகப் பதியப்பட்டிருந்தாலும் எனக்கு மணக்கும்.

பதிவேட்டுக்கு ஒரு குருட்டு இடம் இருக்கிறது. போன கிழமை எழுதிய முறி இன்னும் 21 வேலை நாளுக்குள்ளேதான் இருக்கிறது, இன்றைக்குப் பதிவேட்டில் தெரியாது, ஆனால் நாளைக்குப் பதிந்தால் முழுதாகச் செல்லும். ஆகவே பெரிய தொகை கொடுப்பவர்கள் தேடிப் பார்த்த கையோடு காசைக் கொடுக்காமல், வேறு ஈடு இல்லை என்று பணிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி, தங்கள் ஈட்டைப் பதிவுக்குக் கொடுத்து, கொஞ்ச நாள் கழித்து மறுபடி தேடிப் பார்த்துவிட்டுத்தான் விடுவிப்பார்கள்.

ஏலக் காசு வரும்போது நேராக எனக்குத் தரச்சொல்லி ஃபெக்டரிக் கம்பனி ஒரு கடிதம் தந்திருக்கிறது. முறி இல்லை. கடிதத்தையும் பதிய வேண்டுமா?

என்ன நோக்கத்தில் தந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ‘நாங்கள் தரவேண்டிய கடனுக்குக் காப்பாக, வரவேண்டிய ஏலக் காசை உங்களுக்கு எழுதித் தருகிறோம்’ என்பது அதன் சாரம் என்றால், வரவேண்டிய கடனின் மேல் வைத்த ஈடு அது. பதிய வேண்டும். ‘இந்தத் தடவை வரும் காசை இன்னாரிடம் கொடுங்கள்’ என்று புரோக்கருக்கு எழுதிய வெறும் அறிவுறுத்தல் என்றால் அதில் ஈடே இல்லை, அடுத்த கிழமை அவர்களே அதை மாற்றலாம். இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் கடிதங்களே அதிகம். சந்தேகம் இருந்தால் பதிந்துவிடுங்கள், தேவையில்லாமல் பதிந்ததால் ஈடு கெடாது.

எங்களுடையது கம்பனி இல்லை, பெயர்ப் பதிவு செய்த மரக்கறிக் கடை. எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. 102ஆம் பிரிவு கம்பனிகளுக்கு மட்டும். வியாபாரப் பெயரைப் பதிந்த தனி ஆளும் கூட்டு வியாபாரமும் இதற்குள் வராது. பெயரின் முடிவில் ‘(பிரைவட்) லிமிட்டட்’ இருக்கிறதா, கம்பனிப் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அசையும் சொத்தின் மேல் கடன் கொடுப்பவர்களுக்கு வேறொரு பதிவேடு இருக்கிறது, அது தனிக் கதை.

கடன் கட்டி முடித்தாயிற்று. முறியைத் திருப்பித் தந்தார்கள். போதும்தானே?

போதாது. பதிவேட்டில் அந்த ஈடு இன்னும் உயிரோடு நிற்கிறது. கடன் தீர்ந்தது என்பதைப் பதிவாளருக்கு அறிவித்து, தீர்வையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். காணி ஈடென்றால் காணிக் கந்தோரிலும் ஈட்டு நீக்கம் பதிய வேண்டும். பண்டாரவளையிலிருந்து வந்த ஒருவருக்குப் புதிய கடன் இரண்டு மாதம் இழுபட்டது இதனால்தான். பதினொரு வருடத்துக்கு முன் கட்டி முடித்த கடனின் ஈடு பதிவேட்டில் அப்படியே கிடந்தது. கடன் கொடுத்த கிளையில் அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கடிதம் வாங்கவே ஆறு கிழமை போயிற்று.